42 கிலோ அம்மா, இரண்டு இட்லி, முதல் பத்து நிமிடம்

வைகைத் தென்கரை, 2024 ஆகஸ்ட் 4, இரவு 9.40

என் அம்மாவுக்கு வயது 74. பத்து மாதங்களுக்கு முன்பு 47 கிலோ இருந்தவர் இப்போது 42 கிலோ. முன்பெல்லாம் சோப்பு நுரை போட்டால்தான் கழலும் வளையல், இன்று கையை உயர்த்தினால் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போகிறது. தரையிலிருந்து எழுவதை எப்போதோ விட்டுவிட்டார். இப்போது நாற்காலியிலிருந்து எழுவதற்கே கைப்பிடி வேண்டியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீரகம் எல்லாம் பார்த்தாயிற்று. நோய் எதுவும் இல்லை, தசை கரைகிறது, புரதம் நிறையக் கொடுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

நிறைய என்பதுதான் எங்கள் வீட்டில் நடக்காத காரியம். இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது. ஒரு கவளத்தை நெடுநேரம் மென்றுகொண்டிருப்பார், தட்டு ஆறிப்போகும், போதும் என்று தள்ளிவிடுவார். ஆயினும் சாம்பார் தினமும் ஊற்றிக்கொள்கிறார். நூறு கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம் என்று படித்தேன். அப்படியானால் ஒரு கிண்ணம் சாம்பாரிலேயே பாதித் தேவை தீர்ந்திருக்க வேண்டாமா? பிறகு ஏன் மெலிகிறார்?

செல்லூர்க்காரன், 2024 ஆகஸ்ட் 4, இரவு 10.15

அக்கா, பருப்பை எல்லாம் விடுங்கள். ஆட்டுக்கால் சூப்பு கொடுங்கள். எங்கள் அப்பத்தா இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தபோது நாற்பது நாள் ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்துத்தான் எழுப்பினோம். ஆறியதும் கட்டியாக உறைகிறதே, அத்தனையும் புரதம்தான். மெல்ல வேண்டிய வேலையும் இல்லை.

மேலூர் மதினி, 2024 ஆகஸ்ட் 5, காலை 7.05

எடை கூட வேண்டுமென்றால் நேந்திரம்பழம், நெய், வாரத்துக்கு இரண்டு நாள் ஜிகர்தண்டா. என் மாமியார் மூன்றே மாதத்தில் நான்கு கிலோ ஏறினார்கள். பாலும் பாதாம் பிசினும் சேர்ந்தது, குளிர்ச்சி, மெல்லவும் வேண்டாம்.

பழைய டயட்டீசியன், 2024 ஆகஸ்ட் 5, இரவு 8.30

இருபத்தாறு ஆண்டுகள் மருத்துவமனைச் சமையலறையிலும் வார்டிலும் இருந்தவள் என்ற முறையில் மூன்று செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நீங்கள் படித்த 22 கிராம் என்பது வேகாத பருப்பின் கணக்கு. உங்கள் வீட்டில் நான்கு பேருக்கான சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதில் தண்ணீரும் புளியும் காயும் சேர்ந்தபின் உங்கள் அம்மாவின் இட்லிமேல் விழும் ஒரு கரண்டியில் இரண்டு கிராம் புரதம் இருந்தால் அதிகம். அவருடைய வயதில் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை வேண்டும். 42 கிலோவுக்கு அது 42 முதல் 50 கிராம். இப்போது என்ன போகிறது என்பதை ஒரே ஒரு நாள், வாயில் போனதை மட்டும், தட்டில் வைத்ததை அல்ல, எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது, செல்லூர்த் தம்பி சொன்னது பாதி சரி. உறைவது புரதம்தான், ஆனால் அது ஜெலட்டின். தசை கட்டுவதற்கு முக்கியமாகத் தேவைப்படும் லூசின் என்ற அமினோ அமிலம் அதில் மிகக் குறைவு. டிரிப்டோபன் என்ற இன்னோர் அமினோ அமிலம் அறவே இல்லை. முட்டை, பால், மீன், கறியின் சதை ஆகியவற்றுக்கு அது ஈடாகாது. வாய்க்கு ருசி தருவதற்கும் உடம்பில் நீர் சேர்வதற்கும் சூப்பு நல்லது. ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு டம்ளர் சூப்பு குடித்தால், சிறிய பசி அதோடு தீர்ந்துவிடும்.

மூன்றாவது, மதினி கொழுப்பைப் பற்றிச் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. அரிசியும் நெய்யும் தரும் சக்தி போதவில்லையென்றால் உடம்பு புரதத்தையே விறகாக எரித்துவிடும். ஆகவே பருப்பில் ஒரு தேக்கரண்டி நெய் அவசியம் வேண்டும். ஜிகர்தண்டாவில் பால் உண்டு என்பதும் உண்மை. ஆனால் பாதாம் பிசின் ஊறி உப்பும் பொருள், வயிற்றில் இடத்தை அடைக்கும்; மீதி பெரும்பாலும் சர்க்கரை. உங்கள் மாமியாருக்கு ஏறிய நான்கு கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது எடைக்கருவிக்குத் தெரியாது.

வைகைத் தென்கரை, 2024 ஆகஸ்ட் 7, இரவு 10.20

எழுதிப் பார்த்தேன். காலைக் காபியில் 100 மில்லி பால், 3 கிராம். இரண்டு இட்லியும் சாம்பாரும், 5. பதினொரு மணிக்கு நீர்மோர், 1. மதியம் ஒரு சிறு கிண்ணம் ரசஞ்சோறும் ஒரு கரண்டிக் கூட்டும், 5. மாலைத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், 3. இரவு ஒரு தோசை, 3. படுக்கும்போது அரை டம்ளர் பால், 3. கூட்டினால் 23. தேவையில் பாதிதான். நான் பருப்பைத் தவறாக எண்ணியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செல்லூர்த் தம்பி சொல்வதற்கு முன்பே மூன்று வாரமாக மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் பெரிய டம்ளரில் சூப்பு கொடுத்திருக்கிறேன். அந்த மூன்று வாரமும் சோறு குறைந்ததை வெயிலின் குற்றம் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் விருப்பத்தோடு மெல்கிறார். அதன்பிறகு தாடை ஓய்ந்துபோகிறது. கவளத்துக்கும் கவளத்துக்கும் இடைவெளி நீள்கிறது. இருபதாவது நிமிடத்தில் உண்பது வெறும் கடமைக்காக. எங்கள் வீட்டு வழக்கப்படி அந்த முதல் பத்து நிமிடத்தில் அவர் தட்டில் இருப்பது ரசஞ்சோறு. மீன் துண்டும் முட்டையும் கடைசியில், ஆறியபின், அப்படியே கிடக்கின்றன.

பழைய டயட்டீசியன், 2024 ஆகஸ்ட் 8, காலை 6.50

நீங்கள் கண்டதுதான் இதில் முக்கியமானது. தட்டின் வரிசையை மாற்றுங்கள்: முதல் பத்து நிமிடத்துக்குப் புரதம், சோறும் ரசமும் பிறகு. உணவின் அளவைக் கூட்ட முயலாதீர்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் பாலையும், நீர்மோர் இருக்கும் இடத்தில் கெட்டித் தயிரையும் வையுங்கள். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். குறிப்பாகக் காலை வேளை. நம் ஊரில் முதியவர்களின் காலை உணவில் மாவைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை.

தொடங்குமுன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். அவர் மெதுவாக மெல்கிறாரா, விழுங்கவே சிரமப்படுகிறாரா? தண்ணீர் குடிக்கும்போது இருமல், சாப்பிட்டபின் தொண்டையில் நீர் நிற்பது போன்ற குரல், அடிக்கடி சளிக் காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த இழையில் உள்ள எதையும் செய்ய வேண்டாம். முதலில் விழுங்குதலைச் சோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

திருமங்கலம் ஆசிரியர், 2024 ஆகஸ்ட் 8, மதியம் 1.30

என் தந்தைக்கு வயது 78, கிரியேட்டினின் 2.4. அவரும் மெலிந்துகொண்டே வருகிறார். நீங்கள் சொல்லும் 1.2 கிராம் கணக்கை இன்றிலிருந்தே தொடங்கலாம் அல்லவா?

பழைய டயட்டீசியன், 2024 ஆகஸ்ட் 8, இரவு 9.00

தொடங்கக் கூடாது, ஐயா. டயாலிசிஸ் செய்துகொள்ளாத சிறுநீரக நோயாளிக்குப் புரதத்தைக் குறைத்தே கொடுப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழாகி, கூட்டிக் கொடுப்பார்கள். மெலிவும் இருக்கிறது, சிறுநீரகமும் பழுது என்றால் இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று இழுக்கும். அதை அவருடைய அறிக்கைகளைப் பார்க்கும் சிறுநீரக மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வைகைத் தென்கரை, 2024 ஆகஸ்ட் 18, மாலை 5.10

விழுங்குவதில் குறை இல்லை, இருமல் இல்லை. ஆகவே தொடங்கிவிட்டேன். பத்து நாள் அனுபவம் இது.

காலையில் இரண்டு இட்லிக்குப் பதில் ஒரு இட்லியும், முட்டைப்பால் ஆவியும். இந்தப் பெயர் அம்மா வைத்தது. காய்ச்சி ஆறிய பால் 100 மில்லியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, உப்பும் மிளகுத்தூளும் சேர்த்து நுரை வராமல் கலக்கி, எண்ணெய் தடவிய சிறு கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு தட்டு மூடி இட்லிச் சட்டியில் வைக்க வேண்டும். தண்ணீர் கொதித்ததும் தீயைச் சிம்மில் வைத்துப் பன்னிரண்டு நிமிடம். நடுவில் கத்தியை விட்டால் ஈரக் கரைசல் ஒட்டாமல் வர வேண்டும், ஆனால் கிண்ணத்தை அசைத்தால் லேசாக ஆட வேண்டும். முதல் நாள் அவசரத்தில் பெருந்தீயில் வைத்தேன்; பஞ்சுபோல ஓட்டை விழுந்து, தண்ணீர் தனியே பிரிந்து, ரப்பராகிவிட்டது. இரண்டு கரண்டியோடு நிறுத்திவிட்டார். சிம்மில் வெந்ததை நாக்காலேயே நசுக்கிச் சாப்பிடுகிறார். அதில் 9 கிராம், இட்லியோடு சேர்த்து 11.

இரண்டாவதாக ஒரு தவறு செய்தேன். மென்மையாக இருக்க வேண்டும் என்று மதியச் சோறு, பருப்பு, மீன் எல்லாவற்றையும் மிக்ஸியில் ஓடவிட்டுக் கூழாக்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் அம்மா கிண்ணத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்து, "இது எதுன்னு சொல்லு, அப்புறம் திங்கிறேன்" என்றார். மீன் எது, பருப்பு எது என்று தெரியாத ஒன்றின்மேல் எப்படிப் பசி வரும்? கூழை நிறுத்திவிட்டேன்.

பழைய டயட்டீசியன், 2024 ஆகஸ்ட் 19, காலை 7.15

மெல்ல முடிகிறவரைக் கூழுக்கு மாற்றக் கூடாது; தாடைத் தசையும் தசைதான், வேலை இல்லாவிட்டால் அதுவும் குறையும். கரண்டியின் முதுகால் அழுத்தினால் உடைகிற பதம் போதும், உருவம் மாற வேண்டியதில்லை. அத்துடன், பல்செட் வைத்திருக்கிறாரா? அதை நீங்கள் இதுவரை சொல்லவே இல்லை.

வைகைத் தென்கரை, 2024 ஆகஸ்ட் 19, இரவு 9.45

வைத்திருக்கிறார், மேலும் கீழும். பொருத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பேசும்போது கீழ்ச்செட் எழும்புகிறது. இடப்பக்க ஈறில் சிவந்த புண். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, நீ கேட்கவில்லையே என்றார். இத்தனை மாதம் அவர் தட்டைப் பார்த்த நான் வாயைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

செல்லூர்க்காரன், 2024 ஆகஸ்ட் 20, காலை 8.00

வருத்தப்படாதீர்கள் அக்கா. பொதுவாகவே நம் வீட்டுப் பெரியவர்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். சூப்பு விஷயத்தில் நான் சொன்னதை ஓரளவு திருத்திக்கொள்கிறேன். அப்பத்தாவுக்குச் சூப்போடு கால் கறியையும் வழித்து ஊட்டினோம், தினமும் இரண்டு முட்டையும் கொடுத்தோம் என்று அம்மா இப்போதுதான் நினைவூட்டினார். ஆயினும் சூப்பு ஒன்றுக்கும் உதவாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வைகைத் தென்கரை, 2024 செப்டம்பர் 15, மாலை 6.30

பல் மருத்துவர் புண் ஆறும்வரை கீழ்ச்செட்டைக் கழற்றி வைக்கச் சொன்னார். தாடை எலும்பு காலப்போக்கில் தேய்வதால் செட் தளர்கிறதாம். புதிய செட் தேவையில்லை, உட்புறத்தில் பூச்சு கொடுத்து இறுக்கினால் போதும் என்று அதையே சரிசெய்து கொடுத்தார். இப்போது ஆடவில்லை. மெல்லும் வேகம் கூடவில்லை, ஆனால் பத்து நிமிடத்தில் ஓய்ந்த தாடை பதினைந்து நிமிடம் வரை தாங்குகிறது.

மதியத்துக்கு நான் கண்டுபிடித்தது நம் ஊர்க் கோலா உருண்டைதான், ஆனால் எண்ணெயில் போடாதது. பொரித்தால் மேல்தோல் முறுகிவிடும், அவரால் கடிக்க முடியாது. கறிக்கடையில் தொடைக்கறியாகக் கேட்டு, சவ்வை எடுத்துவிட்டு இரண்டு முறை கொத்தச் சொல்லி வாங்க வேண்டும். முதல் தடவை ஒரே கொத்தாக வாங்கிவந்தேன். சவ்வு பல்லிடுக்கில் சிக்கி, மென்ற சக்கையைத் துப்பிவிட்டார். 100 கிராம் கொத்துக்கறியோடு, மாவாகத் திரித்த பொட்டுக்கடலை இரண்டு மேசைக்கரண்டி, ஒரு முட்டை, அரைத்த சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, சோம்பு, உப்பு. பிசைந்து சிறு எலுமிச்சை அளவில் ஒன்பது உருண்டைகள் பிடித்து, இட்லித் தட்டில் பதினைந்து நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும். ஒன்றை உடைத்துப் பார்த்து நடுவில் சிவப்பு இல்லையென்றால், மெல்லிய குழம்பில் ஐந்து நிமிடம் மிதக்க விடலாம். பொட்டுக்கடலை மாவு கறியின் சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உருண்டை காய்ந்துபோவதில்லை. மூன்று உருண்டையில் ஏறத்தாழ 10 கிராம்.

தட்டில் மூன்றையும் ஒன்றாக வைப்பதில்லை. ஒன்றை வைத்து, அவர் முடித்ததும் சூடான குழம்பிலிருந்து அடுத்ததை எடுத்து வைக்கிறேன். மெதுவாக மெல்பவருக்கு மூன்றாவது உருண்டையும் சூடாக இருந்தால்தான் மூன்றாவதும் உள்ளே போகிறது.

பழைய டயட்டீசியன், 2024 செப்டம்பர் 16, காலை 7.00

அருமை. மீன் வாங்கும் நாளில் கண்மாய்க் கெளுத்தியோ விராலோ கிடைத்தால் வாங்குங்கள். சதைக்குள் சிறு முள் குறைவு. கட்லா, ரோகு வேண்டாம், முள்ளை நாம் எடுத்தாலும் ஒன்றிரண்டு தங்கிவிடும்.

இனி, எழுந்து உட்காரும் பயிற்சி. தசைக்கு வேலை கொடுக்காமல் புரதத்தை மட்டும் ஊட்டினால் பலன் மிகக் குறைவு. சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே வைத்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் எடுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். முதுமைத் தசைக் குறைவுக்கான ஆசிய மருத்துவக் குழு 2019இல் வகுத்தபடி 12 வினாடியும் அதற்கு மேலும் ஆனால் உடல் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். பெண்களுக்குக் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம் 33 செண்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்கலாம். தையல்காரர் நாடா போதும். எடையைவிட இந்த இரண்டும் உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

வைகைத் தென்கரை, 2024 செப்டம்பர் 17, இரவு 9.15

கெண்டைக்கால் 29. கையை மார்பில் வைத்து இரண்டு முறைதான் எழுந்தார், மூன்றாவதில் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். கைப்பிடியோடு ஐந்து முறைக்கு 24 வினாடி. காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் கைப்பிடியோடு ஐந்தைந்து முறை என்று வைத்துக்கொண்டோம்.

மேலூர் மதினி, 2024 செப்டம்பர் 20, மதியம் 2.40

பால்பவுடர் கலக்கலாமா? டப்பாவில் விற்கும் புரோட்டின் பவுடரைவிட மலிவாக இருக்குமே.

வைகைத் தென்கரை, 2024 செப்டம்பர் 21, இரவு 8.50

கலக்கிப் பார்த்தேன் மதினி. கொழுப்பு நீக்கிய பால்பவுடர் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 3 கிராம் புரதம் இருக்கிறது. காலைக் காபியில் அம்மாவுக்குத் தெரியவே இல்லை. அந்த வெற்றியில் இரவுப் பாலிலும் இரண்டு கரண்டி போட்டேன். வயிறு இரைந்து இரண்டு நாள் போக்கு. இப்போது காபியில் ஒரு கரண்டி மட்டும், இரவில் வெறும் பால். டப்பா பவுடர் வாங்கியதும் உண்டு. வெனிலா வாசனை பிடிக்கவில்லை என்று மூன்றாம் நாளே ஒதுக்கிவிட்டார்.

மாலையில் பிஸ்கட்டை நிறுத்தி, 100 மில்லி பாலில் பொட்டுக்கடலை மாவு ஒன்றரை மேசைக்கரண்டியும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சிக் கொடுக்கிறேன், 6 கிராம். மாவை உலர்ந்தபடி வாயில் போடக் கூடாது, புரையேறிவிடும். இப்போதைய கணக்கு: காபி 6, காலை 11, கெட்டித் தயிர் 3, மதியம் உருண்டையும் நெய்விட்ட கெட்டிப் பருப்பும் அரைக் கிண்ணம் சோறும் 16, மாலை 6, பாசிப்பருப்பு சேர்த்து அரைத்த தோசை 4, இரவுப் பால் 3. மொத்தம் 49. இது நல்ல நாள் கணக்கு. வாரத்தில் நான்கு நாள்தான் நல்ல நாள்.

திருமங்கலம் ஆசிரியர், 2024 அக்டோபர் 6, காலை 10.20

சிறுநீரக மருத்துவரைப் பார்த்தோம். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 40 கிராமுக்கு மேல் வேண்டாம் என்றும், அதற்குள் முட்டை வெள்ளைக்கரு ஒன்று கட்டாயம் இருக்கட்டும் என்றும் சொன்னார். நடைப்பயிற்சி பற்றிக் கேட்டோம், பார்க்கலாம் என்றார். மெலிவு நிற்குமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் புரதத்தை முதலில் சாப்பிட வைக்கும் உங்கள் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டோம். வைத்த 40 கிராமும் இப்போது உள்ளே போகிறது.

வைகைத் தென்கரை, 2024 நவம்பர் 10, இரவு 9.30

மூன்று மாதங்கள் ஆகின்றன. எடை 42.8. கெண்டைக்கால் 29.5, அந்த அரை செண்டிமீட்டர் நாடாவை நான் பிடித்த விதத்தாலும் வந்திருக்கலாம், ஆகவே அதை நான் எண்ணவில்லை. எண்ணுவது இதை: கைகளை மார்பில் வைத்து ஐந்து முறை எழுந்தார், 17 வினாடி. 12க்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் செப்டம்பரில் மூன்றாவது முறை எழ முடியாதவர் அவர்.

தீராதது வெள்ளிக்கிழமையும் அமாவாசையும். அன்று கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. காலை முட்டைப்பால் ஆவியும் போய்விடுகிறது. பனீர் 40 கிராமைத் துருவிப் பருப்பில் சேர்த்தால் 7 கிராம் கிடைக்கிறது, அதை மட்டும் ஏற்றுக்கொண்டார். மீல்மேக்கரைக் கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து கொத்தி உருண்டைக்குள் வைத்தேன். ஒரு கடியில் கண்டுபிடித்துவிட்டார். பனீரைச் சேர்த்தும் 42ஐ எட்டுவதில்லை. காலை வேளைக்கு, முட்டை இல்லாமல், நாக்காலேயே நசுக்கக்கூடிய, பத்து கிராம் தரக்கூடிய ஏதேனும் யாராவது செய்து பார்த்திருந்தால் அளவோடு எழுதுங்கள்.

செல்லூர்க்காரன், 2024 நவம்பர் 11, காலை 6.40

பாசிப்பருப்பு 30 கிராமைக் குழைய வேகவைத்து, தண்ணீருக்குப் பதில் 100 மில்லி பால் ஊற்றிக் கடைந்து, வெல்லம் சேர்த்துக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள் அக்கா. பருப்பில் 7, பாலில் 3. இம்முறை வேகாத பருப்பைத்தான் எடைபோட்டேன்.

வைகைத் தென்கரை, 2024 நவம்பர் 15, காலை 10.05

இன்று வெள்ளி. செய்தேன், தம்பி. முக்கால் கிண்ணம் சாப்பிட்டார். எட்டு கிராம் என்று எழுதிக்கொண்டேன். வெல்லத்தைக் குறைத்து ஏலக்காய் போடச் சொல்கிறார்.